வாடிக்கையாளர் பயண வரைபடம்: ஒரே ஒரு ஸ்லைடுக்காக நான் பட்ட பாடு

சுங்கை சிப்புட் பட்டணத்தில் 11 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, பாவாடை தாவணி, சுடிதார், பள்ளிச் சீருடை என்று எல்லாம் தைத்தாலும் ரவிக்கைதான் எனக்குச் சோறு போடுகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து வருகிறார்கள். பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது, லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்தவர்களும் நிறைய. ஆனாலும் தீபாவளி, கல்யாணம் என்றால் பழைய வழக்கப்படி என் கடைக்குத்தான் துணி வரும். போன வருடம் இரண்டு பெரிய தையல் இயந்திரம் வாங்க 15,000 வெள்ளி வேண்டும் என்று ஒரு சிறுதொழில் உதவித் திட்டத்துக்கு மனு போட்டேன். ஈப்போவில் நேர்காணல். ஐந்து நிமிடம் பேச வேண்டும், அதில் ஒரு ஸ்லைடு கட்டாயம் ‘வாடிக்கையாளர் பயண வரைபடம்’ ஆக, அதாவது வாடிக்கையாளர் தொடக்கம் முதல் முடிவு வரை கடந்து வருவதைப் படிப்படியாகக் காட்டும் படமாக இருக்க வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். கட்டங்கள், உணர்வுகள், வாடிக்கையாளர் சிரமப்படும் இடமான பெயின் பாயிண்ட் மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஒரு வரி. அவ்வளவுதான் விளக்கம்.

எனக்கு யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. தெரிந்தவர் சொன்னார் என்று ஓர் ஆளிடம் 480 வெள்ளி கொடுத்து அந்த ஸ்லைடைச் செய்யச் சொன்னேன். பார்க்க அவ்வளவு அழகு. இடமிருந்து வலமாக ஐந்து வண்ண அம்பு: விழிப்புணர்வு, பரிசீலனை, கொள்முதல், சேவை, விசுவாசம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு மஞ்சள் முகம். முதலில் சாதாரண முகம், மூன்றாவது கட்டத்தில் கொஞ்சம் சோகம், கடைசியில் பல் தெரியச் சிரிப்பு. அதற்கும் கீழே பெயின் பாயிண்ட் வரிசையில் ‘தாமதம்’, ‘விலை’, ‘தகவல் குறைவு’ என்று ஒவ்வொரு சொல். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக அதைப் பார்த்துப் பேசிப் பழகினேன்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். கையில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்த பிரதி. என் வண்ணமெல்லாம் ஒரே சாம்பலாக இருந்தது, முகங்களில் எது சிரிப்பு எது சோகம் என்று பிரிக்கவே முடியவில்லை. நடுவில் இருந்த அம்மையார் மலாயில் அமைதியாகத்தான் கேட்டார்: “இந்த மூன்றாவது முகம் ஏன் சோகமாக இருக்கிறது? யார் உங்களிடம் சொன்னார்கள்?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்து, “இதில் வாடிக்கையாளர் யார்? கல்யாணப் பெண்ணா, பள்ளிப் பிள்ளையின் அம்மாவா?” என்றார். அதற்கும் பதில் இல்லை. பேருந்தில் திரும்பி வரும்போது அழுதுவிட்டேன். தீபாவளிக்கு முந்தின மாதம் அது. தயாரிப்புக்கும் நேர்காணலுக்குமாக இரண்டு நாள் கடை மூடியதில் 500 வெள்ளிக்குக் குறையாமல் போயிருக்கும். அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து. மொத்தத்தில் ஆயிரம் வெள்ளியும் அரை வருடமும் போயிற்று.

கொஞ்ச நாள் கழித்து மனம் ஆறியதும் அந்த ஸ்லைடை எடுத்து மறுபடியும் பார்த்தேன். அதில் என் கடையே இல்லை. அந்த ஐந்து சொல்லும் விற்கிறவர் பார்வையில் சொல்வது. ஆளைக் கடைக்குள் இழுத்து, வாங்க வைத்து, மறுபடி வரவைப்பதற்கான படிகள். ரவிக்கை தைக்க வரும் எந்த அக்காவும் ‘நான் இப்போது பரிசீலனையில் இருக்கிறேன்’ என்று நினைப்பதில்லை. சரி, நானே போடுகிறேன் என்று ஒரு தாளில் எழுதினேன்: ஆர்டர் எடுப்பது, வெட்டுவது, தைப்பது, கொக்கி வைப்பது, இஸ்திரி, கொடுப்பது. எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, அதுவும் தப்பு. அது என் வேலையின் பயணம். துணி என் மேசையில் இருக்கும் பத்து நாளும் அவர் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்பது அதில் ஒரு வரிகூட இல்லை. இதைச் செய்யப் போகிறவர்கள் முதலில் ஒன்றைப் பாருங்கள். நீங்கள் எழுதிய ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுவாய் யார்? ‘நான் வெட்டுகிறேன்’ என்று வந்தால் அது வேறு படம். ‘அவர் காத்திருக்கிறார்’ என்று வந்தால்தான் பயண வரைபடம்.

அப்புறம் ஒரே ஓர் ஆளை, ஒரே ஒரு சந்தர்ப்பத்தை எடுத்துக்கொண்டேன். தோட்டத்தில் வேலை செய்யும் நாற்பது வயதுப் பெண், தீபாவளிக்கு ஒரு ரவிக்கை. கல்யாணப் பெண்ணையும் சீருடையையும் விட்டுவிட மனசே வரவில்லை, ஏனென்றால் அதிலும் காசு வருகிறது. ஆனால் கல்யாணப் பெண் அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு நாலு முறை வருவதை ஒரு கொண்டாட்டமாக நினைப்பாள். தோட்டத்து அக்காவுக்கு நாலு முறை வருவது நாலு அரை நாள். இரண்டையும் ஒரே கோட்டில் போட்டால் இரண்டு பேருக்கும் அது பொய்யாகிவிடும். இரண்டு பேரைக் காட்ட வேண்டுமென்றால் இரண்டு ஸ்லைடு வேண்டும்.

ஆறு பேரிடம் பேசினேன். முதல் ஆளிடம் கடையில் வைத்தே, “நம்ம கடை எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டேன். “நல்லா இருக்கும்மா, உன் கை மாதிரி வருமா” என்றார். மனசுக்கு இதமாக இருந்தது, வரைபடத்தில் போட ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்தவரைப் பார்க்க அவர் வீட்டுக்கே போனேன். திண்ணையில் உட்கார்ந்து கேள்வியை மாற்றிக் கேட்டேன்: “கடைசியா போன தீபாவளிக்கு ரவிக்கை தச்சீங்களே, துணி வாங்கின நாள்லேர்ந்து உடுத்தின நாள் வரைக்கும் என்னென்ன நடந்துச்சு, வரிசையா சொல்லுங்க.” அதற்குப் பிறகு நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. தவணைக்குத் துணி கொடுக்கும் ஆளிடம் சேலை எடுத்தது, ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர்தான் இருந்தது, முட்டி வரை கை வைக்க அது பத்தாது என்று நான் சொன்னதும் மறுபடி கடைக்கு ஓடியது, சீட்டில் நான் ‘20’ என்று எழுதியதை நம்பி மகனின் மோட்டாரில் 20ஆம் தேதி வந்தது, “கை மட்டும் பாக்கிக்கா, நாளைக்கு வாங்க” என்று நான் சொன்னது. நான் அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. அவருக்கு அன்று நான் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தேன் என்பது வரை நினைவிருந்தது.

அந்த ‘20’ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கணக்கில் 20 என்றால் அன்றைக்குள் தைத்து, போட்டுப் பார்க்கத் தயாராக இருக்கும். அவர் கணக்கில் 20 என்றால் கையில் எடுத்துப் போகலாம். 11 வருடமாக ஒரே சீட்டை நாங்கள் இரண்டு பேரும் இரண்டு விதமாகப் படித்து வந்திருக்கிறோம். இன்னொரு அக்கா சொன்னது அதைவிட வலித்தது. “கூப்பிட்டுக் கேக்கலாம்னு இருக்கும். கேட்டா நீ கோவிச்சுக்கிட்டு நம்ம துணியக் கடைசியில போட்டுடுவியோன்னு கேக்க மாட்டேன்.” அவர் பத்து நாளும் பயத்தோடு சும்மா இருந்திருக்கிறார். தொலைபேசி அடிக்கவில்லை என்றால் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேசியதை நம்பி மட்டும் விடவில்லை. பழைய பில் புத்தகத்தை எடுத்துப் போன தீபாவளியின் 40 பில்லை எண்ணினேன். அளவு எடுத்த நாள், போட்டுப் பார்த்த நாள், பாக்கிப் பணம் கொடுத்த நாள் எல்லாம் பின்பக்கத்தில் நான் கிறுக்கி வைப்பது வழக்கம். இரண்டே முறை வந்து வேலை முடித்துப் போனவர்கள் 11 பேர். மூன்று முறை வந்தவர்கள் 18. நாலு முறையும் அதற்கு மேலும் 11. எல்லாரும் இரண்டு முறைதான் வருகிறார்கள் என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பேன்.

அடுத்து உணர்வுக் கோடு. எல்லாரும் கோட்டை விடும் இடம் இதுதான். கோட்டை நாமே வளைத்து வளைத்து அழகாக வரைந்துவிடுகிறோம். நான் வெட்டும் மேசையில் பெரிய தாளை விரித்து, தையல் சுண்ணாம்பால் நடுவில் ஒரு கோடு போட்டு, ஆறு கட்டமாகப் பிரித்தேன்: துணி வாங்குவது, அளவு கொடுப்பது, காத்திருப்பது, போட்டுப் பார்ப்பது, எடுத்துப் போவது, உடுத்துவது. நடுக்கோட்டுக்கு மேலே இரண்டு படி, கீழே இரண்டு படி. ஆறு பேரையும் ஒவ்வொருவராக வரச்சொல்லி ஆளுக்கு ஆறு பொத்தான் கொடுத்தேன், ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். “அந்த நேரத்துல மனசு எப்படி இருந்துச்சோ அங்க வைங்க, வச்சுட்டு ஏன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.” சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அடுத்தவர் வருமுன் பொத்தான் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு எடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் ஒருவரைப் பார்த்து ஒருவர் வைப்பார்கள்.

காத்திருப்பதில் ஆறு பொத்தானும் கீழே. எடுத்துப் போவதில் நாலு பேர் அதற்கும் கீழே, கடைசிப் படியில் வைத்தார்கள். போட்டுப் பார்ப்பதில்தான் எனக்கு ஒரு பாடம் இருந்தது. மூன்று பொத்தான் உச்சியில், மூன்று அடியில். கூட்டி வகுத்தால் சரியாக நடுக்கோட்டில் வந்து நிற்கும், ‘இங்கே ஒன்றும் பெரிதாக இல்லை’ என்று ஸ்லைடு சொல்லும். உண்மையில் அந்த இடம்தான் மிகவும் சூடான இடம். ரவிக்கை உடம்பில் கச்சிதமாக உட்கார்ந்தவர்களுக்கு அத்தனை சந்தோஷம், அக்குளில் பிடித்தவர்களுக்கு இன்னொரு முறை வர வேண்டுமே என்ற ஆத்திரம். அதனால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளிக்குப் பதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘3 பேர்’ என்று எழுதினேன். மற்ற கட்டங்களில் ஆறு பொத்தானையும் மேலிருந்து கீழாக வரிசையாக வைத்து, நடுவில் வரும் இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தைப் புள்ளியாக எடுத்துக்கொண்டேன். சராசரி போட்டால் ஒரே ஓர் ஆளின் பெரிய கோபமோ பெரிய மகிழ்ச்சியோ கோட்டை இழுத்துவிடும்.

பெயின் பாயிண்ட்டுக்கு நான் ‘இடறும் இடம்’ என்று தமிழில் எழுதிக்கொண்டேன், அப்படி எழுதியதுமே வேலை சுலபமானது. ‘தாமதம்’ என்பதில் யாரும் இடறுவதில்லை. எங்கே, எத்தனை பேர், அதனால் அவருக்கு என்ன போனது என்று எழுத வேண்டும். என் ஸ்லைடில் கடைசியாக வந்தது இது: ‘சீட்டில் உள்ள தேதியில் வந்தும் கிடைக்கவில்லை, 40இல் 29 பேர் மூன்று முறை அல்லது அதற்கு மேல் வந்தார்கள், ஒரு முறைக்கு 14 வெள்ளி.’ அந்த 14 வெள்ளி, மகனோ அக்கம்பக்கமோ கூட்டிவர முடியாத நாளில் தோட்டத்தில் இருந்து வாடகைக் காரில் வந்து போகும் செலவு, அக்கா ஒருவர் சொன்ன கணக்கு. நான் ஒரு சாதாரண ரவிக்கைக்கு வாங்கும் கூலியோடு ஒப்பிட்டால் இரண்டு வீண் நடை அந்தக் கூலியையே தொட்டுவிடும். வந்தவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

‘ஏன் தாமதமாகிறது’ என்ற காரணத்தை மட்டும் அந்த ஸ்லைடில் போடவில்லை. கொக்கி வைப்பதும் ஓரம் மடித்துக் கையால் தைப்பதும் ஒரே ஒரு பாட்டியிடம் போய்க் குவிகிறது, ஓரம் அடிக்கும் ஓவர்லாக் இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது. அது என் திரைக்குப் பின்னால் நடப்பது, வாடிக்கையாளர் கண்ணில் படாதது. அதற்கு வேறு வரைபடம் இருக்கிறது, சர்வீஸ் புளூபிரிண்ட் என்பார்கள். முன்னால் நடப்பதையும் பின்னால் நடப்பதையும் நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்துக் காட்டும். இரண்டையும் ஒரே ஸ்லைடில் திணித்தால் யாரும் படிக்க மாட்டார்கள். நான் இடறும் இடத்துக்கு எண் கொடுத்துவிட்டு, அதே எண்ணோடு அடுத்த ஸ்லைடில் காரணத்தைச் சொன்னேன். அப்படிப் பிரித்து எழுதியபோது வேறொன்றும் வெளியே வந்தது. நான் முதலில் கேட்ட இரண்டு தையல் இயந்திரம் இந்தச் சிக்கலைத் தீர்க்கவே தீர்க்காது. தைப்பது சீக்கிரம் முடிந்து, கொக்கிக்கு இன்னும் அதிகம் குவிந்திருக்கும். எனக்கு வேண்டியது ஓர் ஓவர்லாக்கும் கைவேலைக்கு இன்னோர் ஆளும்தான். கேட்கும் தொகை 15,000இல் இருந்து 6,000 ஆனது.

ஸ்லைடில் அடக்குவது தனிப் பாடு. அகலத் திரை ஸ்லைடு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் அகலம். ஓரங்களும் இடப்பக்கத் தலைப்பும் போனால் ஆறு கட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து சென்டிமீட்டர்கூட வராது. அறையின் பின்னால் இருப்பவர் படிக்க எழுத்து 16 புள்ளிக்குக் கீழே போகக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் ஒரு கட்டத்தில் ஆறேழு சொல்லுக்கு மேல் உட்காராது. அதனால் மேலே யார், எந்தச் சந்தர்ப்பம் என்று ஒரே வரி, அதன் கீழ் நாலே வரிசை: அவர் செய்வது, அவர் வாயால் சொன்னது, உணர்வுக் கோடு, இடறும் இடம். எல்லாக் கட்டத்துக்கும் இடறும் இடம் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அளவு கொடுப்பதில் யாரும் குறை சொல்லவில்லை, அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன். அது பக்கத்தில் இருப்பதை இன்னும் தெளிவாகக் காட்டியது. முகங்களை எடுத்துவிட்டேன். மேலும் கீழும் போகும் கோடும் புள்ளிக்குப் பக்கத்தில் எண்ணும் இருந்தால் கறுப்பு வெள்ளைப் பிரதியிலும் தெரியும். முதல் நாளே வீட்டில் கறுப்பு வெள்ளையில் ஒன்று அச்சடித்துப் பார்த்தேன். அக்காமார் சொன்னதை மலாயில் எழுத வேண்டியிருந்தது. ‘கோவிச்சுக்குவியோன்னு கேக்க மாட்டேன்’ என்பதை ‘தகவல் குறைவு’ என்று சுருக்கத்தான் கை போனது. என் மகள்தான் விடவில்லை, அவர் சொன்ன மாதிரியே ஒரு முழு வாக்கியமாக மலாயில் எழுதிக் கொடுத்தாள்.

இந்த முறையில் ஓட்டையும் இருக்கிறது. நான் பேசிய ஆறு பேரும் இன்னும் என் கடைக்கு வருகிறவர்கள். கோபித்துக்கொண்டு போனவர்கள் அந்தத் தாளில் இல்லை. பழைய புத்தகத்தில் இருந்து நாலு எண்ணுக்குக் கூப்பிட்டேன், இரண்டு பேர்தான் பேசினார்கள். ஒருவர் இடம் மாறிப் போய்விட்டார். இன்னொருவர், “மூணாவது தடவை வந்தப்ப மகன் கேட்டான், ‘பெட்ரோலுக்கு யாரும்மா காசு குடுப்பா’ன்னு. அதோட இப்போ தச்சது வாங்கிப் போட்டுக்கிறேன்” என்றார். அதை ஸ்லைடின் அடியில் சின்ன வரியாகப் போட்டு, ‘விட்டுப் போனவர்களில் ஒருவர்’ என்று குறித்தேன். ஒரே ஆள் சொன்னதை ஒரே ஆள் சொன்னது என்று எழுதிவிட வேண்டும்.

ஆறு மாதம் கழித்து அதே மேசை, அதே அம்மையார். என்னை அவருக்கு நினைவிருந்ததா தெரியவில்லை, ஆனால் கேள்வி அதேதான் வந்தது: “யார் சொன்னார்கள்?” நான் மடித்து வைத்திருந்த சுண்ணாம்புத் தாளை எடுத்து விரித்தேன். பொத்தான் இருந்த இடமெல்லாம் வட்டம் போட்டிருந்தது, பக்கத்தில் அவர்கள் சொன்னது என் கிறுக்கல் எழுத்தில். மூன்று பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். போட்டுப் பார்ப்பதில் ஏன் இரண்டு புள்ளி என்பதைப் பற்றியே பாதி நேரம் போனது. ஓவர்லாக்குக்கு மட்டும் பணம் கிடைத்தது, ஆள் கூலியை நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பணம் வருவதற்கு முன்பே இரண்டு மாற்றம் செய்துவிட்டேன், அதற்குக் காசே தேவைப்படவில்லை. சீட்டில் இப்போது இரண்டு தேதி இருக்கிறது: போட்டுப் பார்க்க, எடுத்துப் போக. இடையில் ஒரு நாள் நானே புலனத்தில் செய்தி அனுப்புகிறேன், ‘அக்கா, தச்சாச்சு, கொக்கி மட்டும் பாக்கி’ என்று. தோட்டத்தில் ஓய்வு நாள் ஞாயிறு, என் கடை மூடுவதும் ஞாயிறாக இருந்தது. ஆறு பேரில் நாலு பேர் இதைச் சொன்னார்கள். இப்போது ஞாயிறு காலை 9 முதல் 1 வரை திறந்துவைத்து, செவ்வாய்க்கிழமை மூடுகிறேன். கடைசி 40 பில்லை எண்ணியதில் இரண்டே நடையில் முடிந்தவர்கள் 26 பேர். இது தீபாவளிக் கூட்டம் இல்லாத மாதம், அதனால் அந்த எண்ணை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட மாட்டேன். தீபாவளி முடிந்ததும் மறுபடி எண்ணுவேன்.

முதல் கட்டம் இன்னும் அப்படியே கீழே கிடக்கிறது. 80 சென்டிமீட்டர் துணியோடு வந்து, முட்டிக் கைக்குப் பத்தாது, ஒரு மீட்டர் வேண்டும் என்று கேட்டுத் திரும்பிப் போகிறார்கள். அது என் கடைக்கு வருவதற்கு முன்னால் நடப்பது, என் பழைய ஸ்லைடில் அதற்கு இடமே இருந்திருக்காது. எந்தக் கைக்கு எவ்வளவு துணி என்று ஓர் அட்டையில் எழுதிவைத்திருக்கிறேன். பட்டணத்துத் துணிக்கடை அண்ணனிடம் கொடுத்து, ரவிக்கைத் துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்ல வேண்டும். வருகிற செவ்வாய் கடை மூடும் நாளில் போய்ப் பேசலாம் என்று இருக்கிறேன்.